ஏழு மணி மாத்திரை: நாயைப் பக்கத்து வீட்டில் விட்டுப் போகும்போது எழுதிவைக்கும் தாள்

"சத்துவாச்சாரியில் இருக்கிறோம். எங்கள் நாட்டு நாய் ராமுவுக்கு ஐந்து வயது, 18 கிலோ. வலிப்புக்காக ஒரு வருஷமாக பீனோபார்பிட்டோன் 30 மில்லிகிராம் மாத்திரை, காலை ஏழு மணிக்கும் இரவு ஏழு மணிக்கும் ஒன்றரை வீதம் கொடுக்கிறோம். வெள்ளி மதியம் சேலத்துக்குக் கல்யாணத்துக்குப் போய் ஞாயிறு ராத்திரி திரும்புவோம். கீழ் வீட்டு அக்கா பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். சாப்பாடு, மருந்து, பழக்கம் என்று என்னென்ன எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்?"

நான் கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், காட்பாடியில் இருக்கிறேன். என் வீட்டிலும் செவலை என்று ஒரு நாய் ஏழு வருஷம் இதே மாத்திரையில் இருந்தது. அந்த ஏழு வருஷத்தில் செய்த தவறுகளிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

முதலில் செவலையின் கதை. ஒரு பொங்கல் விடுமுறைக்கு அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஊருக்குப் போனோம். நான் எழுதிக் கொடுத்த தாள் மூன்று பக்கம். அவளுக்குப் பிடித்த பிஸ்கட், பயப்படும் சத்தம், குளிக்கும் நாள் எல்லாம் அதில் இருந்தன. மாத்திரை இரண்டாம் பக்கத்து நடுவில் ஒரு வரியாக இருந்தது. சனிக்கிழமை காலை அந்த வீட்டு அம்மா ஆறே முக்காலுக்கே மாத்திரை கொடுத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார். ஏழு மணிக்கு அலாரம் அடித்ததும் அவர் மகன் எழுந்து இன்னொரு தடவை கொடுத்தான். இரண்டு பேர் மேலும் தப்பில்லை, கொடுத்தாயிற்று என்று குறிக்க இடமே நான் வைக்கவில்லை. பத்து மணிக்குச் செவலையின் பின்னங்கால்கள் பின்னிக்கொண்டன, சுவரில் சாய்ந்து நின்றாள், பிறகு தூங்கிக்கொண்டே இருந்தாள். வெயில் தாங்கவில்லை போல என்று தலையில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். சாயங்காலம் பேச்சுவாக்கில் போனில் சொன்னபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. டாக்டரைக் கேட்டேன். படிக்கட்டு இல்லாத அறையில் படுக்க வையுங்கள், எழுப்பினால் எழுகிறாளா என்று பார்த்துக்கொண்டே இருங்கள் என்று சொல்லி, அடுத்த மாத்திரை எப்போது என்பதையும் அவரே சொன்னார். மறுநாள் தெளிந்துவிட்டாள்.

அதனால் உங்கள் தாள் ஒரே பக்கம் இருக்கட்டும், மேலே மாத்திரை, அதற்குக் கீழே வலிப்பு, சாப்பாடும் பழக்கமும் கடைசியில். ராமு விஷயத்தில் அக்கா சொந்தமாக முடிவெடுக்க வேண்டிய நிமிஷம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

மாத்திரையை அட்டையோடு கொடுக்காதீர்கள். நீங்கள் போவது வெள்ளி மதியம், வருவது ஞாயிறு ராத்திரி. எண்ணிப் பாருங்கள்: வெள்ளி இரவு, சனி காலை, சனி இரவு, ஞாயிறு காலை, ஞாயிறு இரவு என்று ஐந்து வேளை. ரயில் தாமதம், கார் ரிப்பேர் என்று ஏதாவது வரும் என்பதால் இன்னும் இரண்டு வேளை. மொத்தம் ஏழு சின்னக் காகிதப் பொட்டலம், ஒவ்வொன்றிலும் ஒன்றரை மாத்திரை. அரை மாத்திரையை நீங்களே வெட்டிப் போடுங்கள். கண்ணாடி இல்லாமல் சமையலறை வெளிச்சத்தில் இன்னொருவர் கத்தியால் வெட்டினால் கால் ஒரு பக்கம், முக்கால் ஒரு பக்கம் என்றுதான் போகும். பொட்டலத்தின் மேல் "வெள்ளி இரவு 7" என்று கொட்டை எழுத்தில் எழுதுங்கள். கூடுதல் இரண்டையும் தனி உறையில் போட்டு "போன் பேசிய பிறகு மட்டும்" என்று எழுதி ஒட்டிவிடுங்கள். இது மனிதர்களுக்கும் தூக்கம் தரும் மருந்து. அக்கா வீட்டில் பேரப்பிள்ளைகள் வந்துபோவார்கள் என்றால் பொட்டலங்கள் உயரமான அலமாரியில் இருக்க வேண்டும்.

தாளின் உச்சியில் ஐந்து வேளைக்கும் ஐந்து கட்டம் போடுங்கள். கொடுத்தவர் தன் பெயரையும் நேரத்தையும் எழுத வேண்டும். பேனாவை நூலில் கட்டித் தாளோடு தொங்கவிடுங்கள். "கட்டத்தில் எழுத்து இருந்தால் யாரும் கொடுக்கக் கூடாது, காலிப் பொட்டலத்தைத் தூக்கிப் போட வேண்டாம்" என்று ஒரு வரி. பொட்டலமும் கட்டமும் ஒன்றுக்கொன்று சாட்சி.

மாத்திரை வாய்க்குள் போவதும் வயிற்றுக்குள் போவதும் வேறு வேறு. செவலை மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, நாம் திரும்பியதும் கால்மிதியடிக்குக் கீழே துப்பிவிடுவாள். கட்டத்தில் குறி இருக்கும், மாத்திரை தரையில் இருக்கும். இதற்கு மூன்று உருண்டை முறை நன்றாக வேலை செய்யும். தயிர்சாதத்தையோ வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவையோ நெல்லிக்காய் அளவில் மூன்று உருண்டை பிடிக்க வேண்டும். முதல் உருண்டையில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் மாத்திரை. மூன்றாவதை அதன் கண்ணுக்குத் தெரியும்படி கையில் தயாராக வைத்திருந்து, இரண்டாவது வாய்க்குள் போனதுமே நீட்ட வேண்டும். அடுத்தது வருகிறது என்ற அவசரத்தில் நடுவிலுள்ளதை மென்று பார்க்காமல் விழுங்கிவிடும். பிறகு மூக்கை நக்குகிறதா என்று பார்த்தால் விழுங்கியது தெரியும். வாயைத் திறந்து தொண்டைக்குள் தள்ளும் வேலையை அக்காவுக்குக் கொடுக்க வேண்டாம், கடிபட வாய்ப்பு உண்டு.

மறந்துபோனால் என்ன செய்வது என்பதும் தாளில் இருக்க வேண்டும். நான் எழுதிவைப்பது இது: "ஏழு மணிக்கு மறந்து, பதினொன்றுக்குள் நினைவு வந்தால் உடனே கொடுங்கள். அடுத்தது வழக்கம்போல ஏழு மணிக்கு. பதினொன்று தாண்டிவிட்டால் எனக்குப் போன் செய்யுங்கள். எந்தக் காரணத்துக்கும் இரண்டு பொட்டலத்தைச் சேர்த்துக் கொடுக்க வேண்டாம். வாந்தி எடுத்தால் மறுபடி கொடுக்க வேண்டாம், போன் செய்யுங்கள்." போவதற்கு முன்னால் இந்த வரிகளை ராமுவின் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள், அவர் நேரத்தை மாற்றச் சொன்னால் மாற்றிக்கொள்ளுங்கள். நாய் நன்றாகத்தானே இருக்கிறது, இரண்டு நாள் மாத்திரை இல்லாவிட்டால் என்ன என்று அக்கா வீட்டில் யாராவது நினைக்கலாம். அதற்கும் ஒரு வரி வேண்டும்: இந்த மருந்து திடீரென்று நின்றால் அதனாலேயே வலிப்பு வரும், அதுவும் அடுத்தடுத்து வரும்.

அடுத்தது வலிப்பு. உங்களுக்குப் பழகியிருக்கும், அக்கா பார்த்திருக்க மாட்டார். அதனால் என்ன கண்ணில் படும் என்பதை முதலில் எழுதுங்கள். ராமு திடீரென்று ஒருக்களித்து விழும். உடம்பு விறைக்கும், பிறகு நான்கு கால்களும் நீச்சலடிப்பதுபோல் அடித்துக்கொள்ளும். வாயில் நுரை வரும், மூத்திரம் போய்விடும், கண் திறந்திருந்தாலும் யாரையும் பார்க்காது. பெரும்பாலும் ஒன்று, இரண்டு நிமிஷத்தில் நின்றுவிடும். முடிந்த பிறகு சுற்றிச் சுற்றி நடக்கும், சுவரில் முட்டும், கூப்பிட்டால் அடையாளம் தெரியாது, அகோரப் பசியோடு எதையாவது தேடும். இந்தக் குழப்பம் சில நிமிஷமும் இருக்கலாம், சில மணி நேரமும் நீடிக்கலாம். ராமுவுக்கு வழக்கமாக எவ்வளவு நேரம் என்று உங்களுக்குத் தெரியும், அதை எழுதுங்கள்.

செய்ய வேண்டியவற்றில் முதல் வேலை கடிகாரத்தைப் பார்ப்பது. பதற்றத்தில் ஒரு நிமிஷம் பத்து நிமிஷமாகத் தெரியும், வந்தபின் டாக்டர் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான். இரண்டாவது, பக்கத்தில் இருக்கும் நாற்காலி, ஸ்டூல் போன்றவற்றை நகர்த்துவது. படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் என்றால் பின்பக்கத்திலிருந்து, இடுப்பைப் பிடித்து மெல்ல இழுத்து விடலாம். மூன்றாவது, டிவியை நிறுத்தி, விளக்கைக் குறைத்து, மின்விசிறியைப் போட்டுவிட்டுத் தள்ளி உட்காருவது. வீட்டில் இன்னொருவர் இருந்தால் போனில் வீடியோ எடுக்கட்டும், டாக்டருக்கு அது பெரிய உதவி.

செய்யக் கூடாததை இன்னும் அழுத்தி எழுதுங்கள். நம் ஊரில் வலிப்பு என்றதும் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள், இரும்பைத் தேடி ஓடுவார்கள், பல்லுக்கு நடுவில் கரண்டிக் காம்பை வைப்பார்கள், முகத்தில் தண்ணீர் அடிப்பார்கள். அக்கா அன்பினால்தான் செய்வார், ஆனால் அந்த நேரத்தில் ராமுவின் தாடை அதன் வசத்தில் இருக்காது, விரல் உள்ளே போனால் எலும்பு வரை இறங்கும். நாக்கை விழுங்கிவிடும் என்ற பயமும் வேண்டாம், அப்படி நடப்பதில்லை. வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழாயில் போகும். வலிப்பு நின்று, நன்றாக நடந்து, பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்கும் வரை தண்ணீரும் வேண்டாம், சாப்பாடும் வேண்டாம். தவறிப் பல் பட்டுவிட்டால், ராமுவுக்கு ஊசி போட்டிருந்தாலும் சரி, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்ட வேண்டும் என்று எழுதுங்கள்.

எப்போது வண்டி எடுக்க வேண்டும் என்பதற்கு இரண்டே விதி. ஐந்து நிமிஷத்தைத் தாண்டியும் நிற்கவில்லை என்றால் உடனே கிளம்ப வேண்டும். நின்றுவிட்டு, தெளிவதற்கு முன் மறுபடி வந்தாலோ, ஒரு நாளுக்குள் இரண்டாவது தடவை வந்தாலோ கிளம்ப வேண்டும். மற்றபடி, ஒரே தடவை வந்து இரண்டு நிமிஷத்தில் நின்றால் உங்களுக்குப் போன் செய்தால் போதும். நீளும் வலிப்பில் உடம்புச் சூடு ஏறிக்கொண்டே போகும், வேலூர் வெயிலில் இது இரட்டிப்பு ஆபத்து. ஆட்டோ வரும் வரையிலும், போகும் வழியிலும், சாதாரணக் குழாய்த் தண்ணீரில் நனைத்த துணியைக் காதிலும், தொடையிடுக்கிலும், பாதத்திலும் ஒற்றிக்கொண்டே இருக்கலாம். ஐஸ் வேண்டாம். தூக்குவதற்கு ஒரு பழைய போர்வையை எடுத்து மடித்து வைத்துவிட்டுப் போங்கள், இரண்டு பேர் நான்கு மூலையைப் பிடித்தால் 18 கிலோ பெரிய கனமில்லை.

எங்கே போவது என்பதை நீங்கள் இந்த வாரமே முடிவு செய்ய வேண்டும். உங்கள் டாக்டர் ஞாயிறு பார்ப்பாரா, ராத்திரி எட்டுக்கு மேல் கதவைத் திறப்பாரா, இல்லையென்றால் வேறு யார் என்று நேரில் போய்க் கேளுங்கள். போர்டில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். இரண்டு டாக்டர் எண், நாயை ஏற்றச் சம்மதிக்கும் ஒரு ஆட்டோக்காரர் எண், உங்கள் எண், கல்யாண மண்டபத்தில் உங்களோடு இருக்கும் இன்னொருவர் எண் தாளில் இருக்கட்டும். மேளச் சத்தத்தில் உங்கள் போன் கேட்காது. ஒரு உறையில் பணமும், "ராமுவுக்கு டாக்டர் சொல்லும் சிகிச்சையைச் செய்ய எனக்குச் சம்மதம்" என்று கையெழுத்திட்ட சீட்டும், மருந்துச் சீட்டின் நகலும் வையுங்கள். உன் நாய்க்கு நான் எப்படிச் செலவு செய்ய என்று பக்கத்து வீட்டுக்காரர் தயங்கும் அரை மணி நேரம்தான் பல நாய்களுக்கு ஆபத்தாக முடிந்திருக்கிறது. உறையின் மேல் "18 கிலோ, பீனோபார்பிட்டோன் 30, காலை ஒன்றரை, இரவு ஒன்றரை" என்று எழுதிவிட்டால் புது டாக்டர்கூட ஒரு நொடியில் படித்துவிடுவார். ஆசனவாயில் செலுத்தும் மருந்தோ மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயோ டாக்டர் கொடுத்திருந்தால், அக்காவுக்குக் கையோடு செய்து காட்டியிருந்தால் மட்டும் அதைத் தாளில் சேருங்கள்.

சாப்பாட்டில் முக்கியமான சங்கதி, இந்த மாத்திரை சாப்பிடும் நாய்க்குப் பசி அடங்காது. தாகமும் அதிகம், மூத்திரமும் அதிகம். இதை நீங்கள் சொல்லாவிட்டால், ராமு தட்டை நக்கிவிட்டு முகத்தைப் பார்க்கும்போது, ஐயோ பாவம், வயிறு நிறையவில்லை என்று அக்கா இன்னொரு கரண்டி போடுவார், அப்புறம் இன்னொரு கரண்டி. "அதற்குப் பசி இல்லை அக்கா, மாத்திரை அப்படிக் கேட்க வைக்கிறது" என்று எழுதுங்கள். அளவைக் கிராமில் எழுத வேண்டாம். நீங்கள் தினமும் அளக்கும் அதே டம்ளரைக் கொடுத்து, "இந்த டம்ளரில் இரண்டு சாதம், ஒன்று வேகவைத்த கோழி, காலையும் இரவும்" என்கிற மாதிரி, ராமுவுக்கு இப்போது என்ன கொடுக்கிறீர்களோ அதையே எழுதுங்கள். இரண்டு நாளைக்கென்று புது உணவு எதையும் தொடங்காதீர்கள். கோழியை வேகவைத்து, எலும்பு நீக்கி, வேளைக்கு ஒரு டப்பாவாக அக்கா வீட்டு பிரிட்ஜில் வைத்துவிட்டால் அவருக்கு வேலையும் மிச்சம். தண்ணீர் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும், குறைக்கக் கூடாது. அடிக்கடி மூத்திரம் போகிறதே என்று தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நம் பக்கத்தில் எந்த வீட்டில் பிரியாணி வாசனை இல்லை? வாசலில் உட்கார்ந்து பார்க்கும் நாய்க்கு எலும்போடு ஒரு கை அள்ளி வைப்பது வழக்கம். அந்தச் சோற்றில் வெங்காயம் கரைந்து கிடக்கிறது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், வெந்தாலும் அந்தக் குணம் போகாது. வெந்த கோழி எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். எனவே "பிரியாணி, குழம்புச் சோறு, எலும்பு வேண்டாம்; திராட்சை, சாக்லேட் வேண்டவே வேண்டாம்" என்று ஒரு வரி. மாம்பழக் காலமாக இருந்தால் கொட்டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், முழுதாக விழுங்கி அடைத்துக்கொண்ட நாய்களைப் பார்த்திருக்கிறேன். ராமுவுக்கு பொட்டாசியம் புரோமைடும் ஓடுகிறது என்றால் கருவாடும் அப்பளமும் ஆகாது, உப்பு ஏறினால் அந்த மருந்து உடம்பிலிருந்து வேகமாக வெளியேறிவிடும்.

உடம்பு சுடுகிறது என்று மனிதர்களின் காய்ச்சல் மாத்திரையையோ வலி மாத்திரையையோ கொடுக்கக் கூடாது என்பதும் தாளில் வேண்டும். பாராசிட்டமாலும் இப்யூபுரூபனும் நாய்க்கு விஷமாக முடியும். உண்ணியைப் பார்த்துவிட்டு, எங்கள் நாய்க்கு வாங்கின மெல்லும் மாத்திரை ஒன்று மிச்சம் இருக்கிறது என்று யாராவது உதவிக்கு வரலாம். அந்த வகை மாத்திரைகளில் பல வலிப்பைத் தூண்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2018-ல் எச்சரித்திருக்கிறது. வலிப்பு உள்ள நாய்க்கு அதை டாக்டர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும். உண்ணி இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகட்டும்.

பழக்கங்களில் வலிப்போடு சம்பந்தப்பட்டதை மட்டும் எழுதினால் போதும். வெளியே போவது காலை ஆறு மணிக்கும், வெயில் இறங்கிய பிறகும். புறங்கையைத் தார் ரோட்டில் வைத்து ஐந்து எண்ணும் வரை தாங்க முடியவில்லை என்றால் ராமுவின் பாதமும் தாங்காது. சங்கிலியில்லாமல் ஒரு அடியும் வேண்டாம், வலிப்பு வந்து தெளியும் நாய் திசை தெரியாமல் ரோட்டுக்கு ஓடும். மொட்டை மாடியில் விட வேண்டாம். படுக்கை தரைத்தளத்தில், படிக்கட்டுக்குத் தள்ளி இருக்கட்டும். மூத்திரத்துக்கு ராத்திரி பத்து மணிக்கு ஒருமுறை கூடுதலாகக் கூட்டிப் போகச் சொல்லுங்கள், வீட்டுக்குள் போய்விட்டால் திட்ட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். வெடிச்சத்தத்துக்கு எங்கே போய் ஒளியும், எந்தச் சொல்லுக்கு வரும், எந்த இடத்தில் தொட்டால் உறுமும் என்று மூன்று வரி போதும். பக்கத்தில் கோயில் திருவிழா இருந்தால் வேட்டு நேரத்தில் உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தச் சொல்லுங்கள்.

தாள் எழுதி முடித்ததும் புதன், வியாழன் இரண்டு நாளும் இரவு ஏழு மணி மாத்திரையை அக்கா கையால் கொடுக்கச் சொல்லி, நீங்கள் பேசாமல் பக்கத்தில் நில்லுங்கள். தாளைப் பார்த்துத்தான் அவர் செய்ய வேண்டும். எங்கே நின்று உங்களைக் கேள்வி கேட்கிறாரோ அந்த வரி சரியாக எழுதப்படவில்லை, அன்று ராத்திரியே மாற்றி எழுதுங்கள். வலிப்பு வீடியோ உங்கள் போனில் இருந்தால் அதையும் அவருக்குக் காட்டுங்கள். முதல் தடவை நேரில் பார்க்கும்போது இருக்கும் நடுக்கம் பாதியாவது குறையும்.

ஞாயிறு ராத்திரி வந்து இறங்கியதும், ராமு மேலே விழுந்து புரளும், நீங்களும் களைத்திருப்பீர்கள். அப்போது பழக்கத்தில் கை மாத்திரை டப்பாவுக்குப் போகும். அதற்கு முன்னால் அக்காவோடு உட்கார்ந்து ஐந்து காலிப் பொட்டலமும், ஐந்து கட்டத்தில் எழுத்தும், பிரிக்காத இரண்டு பொட்டலமும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். கணக்கு ஒத்துவந்தால் அடுத்த மாத்திரை திங்கள் காலை ஏழு மணிக்கு.